தொண்ணூறு நொடி எலுமிச்சை

ஊறுகாய் பாட்டிலின் லேபிளில் சிரிக்கும் பாட்டி கற்பனை இல்லை. எண்பத்திரண்டு வயதில், காது மட்டும் கொஞ்சம் மந்தமாக, கம்பெனிக்கு எதிர் வீட்டு மாடியில் இருந்தார். லேபிளில் இருக்கிற அந்தச் சிரிப்பை வீட்டில் யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். படம் எடுத்தவன் ஏதோ ஜோக் சொன்னானாம். என்ன ஜோக் என்று சின்னவர் பல நாள் யோசித்திருக்கிறார்.

சின்னவர் பாட்டியின் இளைய மகன், கம்பெனியின் முதலாளி. மூத்த மகன் கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கட்டட வேலையில் சாரம் சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மனைவியை எல்லோரும் பெரியவள் என்பார்கள். குழந்தை இல்லை, போக்கிடமும் இல்லை. முப்பத்தேழு வருஷமாக அதே குடும்பத்தில்தான் இருக்கிறாள். கம்பெனியின் ஓரத்தில், பாட்டியின் மாடி ஜன்னலுக்கு நேரே, உப்பறை. அதை ஒட்டிய சின்ன அறையில் அவளுடைய கட்டில், ஒரு பெட்டி, ஒரு மேஜை விசிறி. எலுமிச்சை ஊறுகாய் அவள் பொறுப்பு. அவள் தலையாட்டாமல் ஒரு டிரம்மும் உப்பறையை விட்டு நகராது.

இருபத்தைந்தாவது ஆண்டுக்கு டிவியில் ஒரு விளம்பரம் எடுக்கச் சின்னவர் முடிவு செய்தார். தொண்ணூறு நொடி. பாட்டியே வந்து, தன் ஊறுகாய் எப்படிப் பிறந்தது என்று கதை போலச் சொல்ல வேண்டும். கடைசியில் கம்பெனி மக்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். விளம்பரக் கம்பெனியிலிருந்து எழுதுகிற பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ரெக்கார்டர், தோளில் பெரிய பை.

முதலில் பாட்டியிடம் போனாள்.

"நீங்க எப்படிப் போடுவீங்க பாட்டி? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க."

"என்ன பெரிய வித்தை. எலுமிச்சையைத் தண்ணியில வேக வைக்கணும். உப்பு போடணும், காரம் போடணும். அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற சின்னவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வேக வைத்தால் அது வேறு ஊறுகாய். நாலு நாள் தாங்கும். அவர்கள் பாட்டிலில் விற்பது அது இல்லை.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு, மறந்துட்டாங்க" என்றார். "செய்முறைக்கு அண்ணியைக் கேளுங்க. அவங்களுக்கு அத்துப்படி."

உப்பறையில் நீல நிற டிரம்கள் வரிசையாக நின்றன. தரை எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும் என்று பெரியவள் போட்ட சட்டத்தால், செருப்பைக் கழற்ற வைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். எழுதுகிற பெண்ணின் விரல்களைக்கூடப் பெரியவள் ஒரு துணியால் துடைத்துவிட்டாள்.

"ஒரு சொட்டு தண்ணி போதும்மா, மேல வெள்ளையா ஆடை கட்டிடும். அப்புறம் முழு டிரம்மும் குப்பைக்குத்தான். பழத்தைக் கழுவி, ஒவ்வொண்ணா துடைச்சு, நிழல்ல ஒரு நாள் ஆற விடணும். அதுக்கப்புறம்தான் கத்தியே எடுக்கணும்."

"உப்பு?"

"நாலு பங்கு பழத்துக்கு ஒரு பங்கு கல்லுப்பு. கொஞ்சம் குறைச்சாலும் கெட்டுப்போகும். நாலா வெட்டி, விதையை எடுத்துடணும். விதை ஊறினா கசப்பு இறங்கும். மஞ்சளும் உப்பும் போட்டுக் குலுக்கி வச்சா, மூணாம் நாள் தானாவே சாறு விட்டுக்கும். துண்டெல்லாம் சாத்துக்குள்ள முங்கியே இருக்கணும். மேல ஒரு துண்டு தலையைக் காட்டினா அங்கதான் பூஞ்சை பிடிக்கும். அதுக்குத்தான் அந்த மரச்சட்டம், அது மேல கல்லு."

"அப்புறம் வெயில்லயா?"

"ஒரு வாரம் கழிச்சு. காலையில சாத்துலேருந்து எடுத்து வெயில்ல போடணும். சாயந்திரம் சூடு ஆறினதும் திரும்ப அதே சாத்துல போடணும். வெயில்ல சுருங்கும், சாத்துல குடிச்சுக்கும். மறுபடி சுருங்கும், மறுபடி குடிக்கும். சாறு முக்காவாசி தோலுக்குள்ள போற வரைக்கும் விடக் கூடாது. தோல் மஞ்சள் போய்ப் பழுப்பா வரும்."

"எப்ப ஆச்சுன்னு எப்படித் தெரியும்?"

பெரியவள் ஒரு துண்டை எடுத்துத் தோலின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். அழுத்தவே இல்லை, நகம் தானாக இறங்கியது.

"இப்படி நகம் இறங்கணும். நாப்பது நாள் ஆகும். மழைக் காலம்னா அம்பது. அதுக்கு முன்னாடி மிளகாய்த் தூள் போட்டா நாக்குக்குக் காரம் மட்டும்தான் தெரியும், தோல் ரப்பர் மாதிரி இருக்கும். நகம் இறங்கின பிறகுதான் மிளகாய், வறுத்துப் பொடிச்ச வெந்தயம், பெருங்காயம். நல்லெண்ணெயைக் காய்ச்சி, முழுசா ஆற வச்சு, மேல ஒரு விரல் உயரம் நிக்கற மாதிரி ஊத்தணும். அவ்வளவுதான்."

எழுதுகிற பெண் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்கள் பழுப்பேறி, விரல் மடிப்பெல்லாம் வெடித்து, உள்ளங்கை தோல் உரிந்து மறுபடி வளர்ந்து மினுங்கியது.

"இது உங்களுக்கு யார் கத்துக் கொடுத்தாங்கம்மா? பாட்டியா?"

அந்தக் கேள்வியைப் பெரியவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்பவள் வெளியூர்க்காரி. நாளைக்குப் போய்விடுவாள். அதனால்தானோ என்னவோ சொல்லிவிட்டாள்.

புருஷன் போன பிறகு அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சாப்பிட வேண்டும். மிஞ்சியதுதான் சாப்பாடு. தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அலமாரிக்குள் பூட்டியிருக்கும். மாமனாருக்குப் பழக்கடை. அடிபட்ட எலுமிச்சையைக் கூடையில் கொண்டுவந்து கொல்லையில் கொட்டுவார். அதிலிருந்து நல்ல பக்கமாகப் பார்த்து வெட்டியெடுத்து, விளிம்பில் கீறல் விட்டதென்று தூக்கிப் போட்ட ஒரு ஜாடியில் போட்டாள். உப்பு தினம் ஒரு பிடி. அடுப்படியிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுபோனாள். மாமியார் மத்தியானம் தூங்கும்போது, கரி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஜாடியை எடுத்து, கொல்லைச் சுவர் மேல் ஒரு தகரத்தில் துண்டுகளைப் பரப்பிவிட்டு, அவர் எழுந்திருக்கும் முன் திரும்பப் போட்டுவிடுவாள். பிடிபட்டுவிடுமோ என்று சீக்கிரம் எடுக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேர வெயில்தான். அப்படித்தான் நாற்பது நாள் கணக்கு வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் அத்தை கண்டுபிடிச்சுட்டாங்க. ருசி பார்த்தாங்க. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாங்க. தம்பி பெரியவனானதும் இதையே தொழிலாக்கிடுச்சு."

கதையை அங்கே முடித்துக்கொண்டு பெரியவள் டிரம்மை உருட்டப் போனாள். எழுதுகிற பெண்ணின் கண் கலங்கியிருந்தது.

"அம்மா, இதுதாம்மா கதை. இதை நான் வீணாக்க மாட்டேன். விளம்பரத்துல கண்டிப்பா வரும். உங்க கையையும் படம் எடுப்பாங்க."

பெரியவள் அன்று சாயந்திரம் வேலை முடிந்ததும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டாள்.

எழுதுகிற பெண் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கதை வந்தது. கொல்லை வந்தது, அடிபட்ட எலுமிச்சை வந்தது, முந்தானை உப்பு, தகரம், மத்தியான வெயில் எல்லாம் வந்தது. ஆனால் அதெல்லாம் பாட்டிக்கு நடந்ததாக வந்தது. சின்ன வயதில் புகுந்த வீட்டில் பட்டினி கிடந்த பெண் பாட்டி. கண்டிப்பான மாமியார், பெயரில்லாத யாரோ.

சின்னவர் படித்துவிட்டு எழுதுகிற பெண்ணைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"சார், இது உங்க அண்ணியோட கதை. அவங்க பேர்லயே சொன்னா இன்னும்..."

"லேபிள்ல யார் படம் இருக்கு?"

"பாட்டி."

"அப்ப பாட்டி கதைதானே வரணும்? அண்ணி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. குடும்பத்துக்குள்ள என்ன உன் கதை, என் கதை."

அவளும் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இது போனால் அவளுக்கு அடுத்த வேலை கிடைக்கக் கஷ்டம்.

பெரியவளிடம் யாரும் காகிதத்தைக் காட்டவில்லை. படப்பிடிப்புக்கு முதல் நாள் சின்னவர் உப்பறைக்கு வந்தார்.

"அண்ணி, நாளைக்கு நீங்களும் வரணும். அம்மாவுக்கு மனப்பாடம் ஆகலை. காதுக்குள்ள சின்னதா ஒரு மிஷின் வைப்பாங்க. நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சா, அம்மா திருப்பிச் சொல்லிடுவாங்க. உங்க குரல் அவங்களுக்குப் பழக்கம்ல."

"கையெல்லாம் படம் எடுப்பாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே தம்பி. உப்பு போடறது, நகம் வைக்கிறது?"

சின்னவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு டிரம்மைப் பார்த்தார்.

"அதுக்கு வெளியிலேருந்து ஒரு பொண்ணு வருது அண்ணி. கை மட்டும் காட்டறதுக்குன்னே இருக்காங்களாம்."

வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பங்களாவின் சமையலறை. ஃபிரிட்ஜைத் துணி போட்டு மறைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பெரிய விளக்கு ஒன்று மத்தியான வெயிலாக எரிந்தது. பாட்டிக்குப் பருத்திச் சேலை. மடியில் ஒரு ஜாடி. அதன் விளிம்பில், கலைப் பொறுப்பாளர் என்று ஒருவர், பென்சிலால் கீறல் வரைந்திருந்தார்.

பக்கத்து அறையில் பெரியவளுக்கு ஒரு ஹெட்போன், ஒரு மைக், பாட்டி தெரியும் சின்னத் திரை, நாலு தாள். முதல் தாளைப் படித்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் தாளை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். எழுதுகிற பெண் வாசலில் நின்றிருந்தாள்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. நான் சொல்லிப் பார்த்தேன்."

பெரியவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே நிற்க முடியாமல் போய்விட்டாள்.

"ஸ்டார்ட்" என்றார் டைரக்டர்.

"எனக்குக் கல்யாணம் ஆகும்போது பத்தொன்பது வயசு" என்று மைக்கில் படித்தாள் பெரியவள்.

"எனக்குக் கல்யாணம் ஆகும்போது பதினாறு வயசு" என்றார் பாட்டி. மூன்று வயதைத் தானாகவே குறைத்துக்கொண்டார். டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார்.

வரி வரியாகப் போனது. பெரியவள் சொன்னாள், பாட்டி சொன்னார். சாப்பாட்டுக்குத் தொட்டுக்க ஒண்ணும் இருக்காது. கொல்லையில அடிபட்ட பழம் கிடக்கும். முந்தானையில உப்பை முடிஞ்சுக்கிட்டுப் போவேன். தன் பசி தன் வாயிலிருந்து கிளம்பி, இன்னொருத்தியின் வாயில் போய், ஹெட்போன் வழியாகத் தனக்கே திரும்பி வருவதைப் பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி நன்றாகச் சொன்னார். இடம் பார்த்துக் குரலை இறக்கினார்.

கடைசித் தாள். 'ஒரு நாள் மாமியார் ஜாடியைக் கண்டுபிடிச்சாங்க. ஒரு துண்டு வாயில போட்டாங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க' என்று எழுதியிருந்தது.

பெரியவள் தாளைக் கீழே வைத்தாள். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஜாடி என்னோடது இல்லை" என்றாள், அதே நிதானமான குரலில். "அது என் மருமகளோடது. அவ கையிலேருந்து பிடுங்கினது நான்தான். சொல்லுங்க அத்தை."

திரையில் பாட்டியின் வாய் திறந்தது. பேச்சு வரவில்லை. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து டைரக்டர் யாரையும் அசைய விடவில்லை. பாட்டி மெதுவாகக் கையை உயர்த்தி, முடியை ஒதுக்குவது போல, காதுக்குள் இருந்ததை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு காமிராவைப் பார்த்துத் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"ஒரு நாள் மாமியார் கண்டுபிடிச்சுட்டாங்க. உப்பு திருடினேன்னு சொல்லி, பித்தளைக் கரண்டி, அதோட காம்பைத் திருப்பிப் பிடிச்சு, ஒரே அடி. இங்க."

வலது தோள்பட்டை எலும்பைத் தொட்டுக் காட்டினார்.

"நான் கத்தலை. ஜாடி கீழ விழுந்துடக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே நின்னேன். இன்னைக்கும் வானம் மூடிக்கிட்டா அந்த எடம் வலிக்கும். கனமா எதையாவது தூக்கணும்னா இடது கையாலதான் தூக்குவேன். யாருக்கும் சொன்னதில்லை."

பாட்டியின் கண்ணிலிருந்து நிஜமான கண்ணீர் வழிந்தது.

பெரியவள் அந்த அடியை எழுதுகிற பெண்ணிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அடித்தவருக்கு அதெல்லாம் என்றைக்கோ மறந்துபோயிருக்கும் என்று ஒரு நினைப்பில்தான் முப்பத்தேழு வருஷம் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், கால் பிடித்துவிட்டிருக்கிறாள். மறதிக்காரியை எதற்கு நொந்துகொள்வது என்று. இப்போது பார்த்தால் எதுவும் மறக்கவில்லை. கரண்டியின் எந்தப் பக்கம் என்பதுகூட மறக்கவில்லை. மழை நாளில் அவள் இடது கையால் டிரம்மை நகர்த்துவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்து, ஏன் என்றும் தெரிந்துகொண்டே, வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

"கட்" என்றார் டைரக்டர். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். சின்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க இதெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார்.

திரும்பும்போது காரின் பின் சீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். முன்னால் டிரைவர். சின்னவர் வேறு வண்டியில் போய்விட்டார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு போல" என்றாள் பெரியவள்.

பாட்டி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இருக்காது?"

"ஒரு நாளாவது, வலிக்குதாடின்னு கேட்டிருக்கலாமே அத்தை."

"கேட்டா என்ன பண்ணுவே? ஆமாம்னு சொல்லுவே. அப்புறம் உனக்கு வேலையைக் குறைக்கணும். யார் செய்யறது?" பாட்டி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். விளக்குச் சூட்டில் சளி பிடித்திருந்தது. "அன்னைக்கு நான் பிடுங்கலைன்னா நீயே தின்னு தீர்த்திருப்ப. ஒரு ஜாடியோட போயிருக்கும். இன்னைக்கு இத்தனை பேர் சாப்பிடறாங்கன்னா அது யாரால?"

"நீங்க அழுதீங்களே."

"அழச் சொன்னாங்க, அழுதேன்" என்றார் பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "இடுப்பு பிடிச்சிருக்கு. வீட்டுக்குப் போனதும் தைலம் போட்டுவிடு" என்றார்.

பெரியவள் போட்டுவிட்டாள். மறுத்துவிட வேண்டும் என்று மாடிப்படி ஏறும்வரை நினைத்திருந்தாள். மேலே போனதும் கை தானாகச் சீசாவைத் திறந்தது. தன்மேலேயே அப்படி ஒரு அருவருப்பு அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

விளம்பரம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கடைகளிலிருந்து வந்த ஆர்டருக்கு உப்பறையால் ஈடுகொடுக்க முடியவில்லை. நாற்பது நாள் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. சின்னவர் ஒரு ஆலோசகரை அழைத்துவந்தார். வெட்டிய பழத்தை ஆவியில் மிருதுவாக்கி, புளிப்புக்கு அசெட்டிக் அமிலம், கெடாமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி, நிறத்துக்கு இன்னொன்று. எட்டாம் நாள் பாட்டிலில் அடைத்துவிடலாம். பெரியவள் அதில் ஒரு துண்டை எடுத்து நகத்தை வைத்துப் பார்த்தாள். நகம் இறங்கியது. வாயில் போட்டாள். ஆவியில் வெந்த தோல் நாக்கில் கூழாகக் கரைந்தது, புளிப்பு மட்டும் தொண்டையில் சுரண்டியது.

"தம்பி, இது ஊறலை. வெந்திருக்கு" என்றாள்.

"சாப்பிடறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது அண்ணி. நீங்களும் எத்தனை நாள்தான் கஷ்டப்படுவீங்க? போதும், ஓய்வா இருங்க."

உப்பறையை இடித்து அங்கே ஆவி மிஷின் வைத்தார்கள். ஒட்டியிருந்த சின்ன அறையும் அதோடு போனது. கட்டிலை மாடிக்கு, பாட்டியின் அறைக்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். பாட்டிக்கும் ஆள் வேண்டியிருந்தது, அவளுக்கும் இடம் வேண்டியிருந்தது, இரண்டும் ஒரே ஏற்பாட்டில் முடிந்தது என்று சின்னவர் சந்தோஷப்பட்டார்.

உப்பறையில் அவளோடு வேலை செய்த இரண்டு பெண்கள் விடைபெற்றுப் போக மாடிக்கு வந்தார்கள். பாட்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிவியில பார்த்து நான் அழுதே போயிட்டேன்க்கா. பாட்டி எப்பேர்ப்பட்ட ராட்சசிகிட்ட மாட்டிக்கிட்டிருந்திருக்காங்க, பாவம். அவ்வளவு பட்டவங்க உங்களை எப்படித் தாங்கறாங்க பாருங்க. கடைசி வரைக்கும் நல்லா பார்த்துக்குங்கக்கா."

"பார்த்துக்கறேன்" என்றாள் பெரியவள்.

அவர்கள் படியிறங்கியதும் உள்ளே வந்தாள். பாட்டிக்குக் காது மந்தமானதால் டிவி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை வரும். வரும்போதெல்லாம் பாட்டி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். இப்போதும் உட்கார்ந்தார். தலையணையைச் சரிசெய்யச் சொல்லிக் கையைக் காட்டினார். பெரியவள் முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

திரையில் வெயில் விழும் சமையலறை. பாட்டியின் முகம்.

"எனக்குக் கல்யாணம் ஆகும்போது பதினாறு வயசு. எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு. தொட்டுக்க ஒண்ணும் இருக்காது. கொல்லையில அடிபட்ட எலுமிச்சை கிடக்கும். நல்லதா பார்த்து வெட்டி, விதை எடுத்து, ஒரு பிடி உப்போட ஜாடியில போடுவேன்." அழகான, பழுப்பே ஏறாத விரல்கள் கல்லுப்பைத் தூவின. "பகல்ல வெயில். சாயந்திரம் திரும்பச் சாத்துல. நகம் வச்சா இறங்கணும். அதுவரைக்கும் பொறுமை. ஒரு நாள் மாமியார் பார்த்துட்டாங்க. கரண்டிக் காம்பால ஒரு அடி. இங்க. இன்னைக்கும் வானம் மூடினா வலிக்கும். ஆனா ஜாடியை நான் விடலை." முகம் காமிராவுக்குப் பக்கத்தில் வந்தது. கண்ணீருக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. "நான் பட்டது என்னோட போகட்டும். உங்க வீட்டுக்கு ருசி மட்டும் வரட்டும்."

இசை எழுந்தது. பாட்டில் சுழன்று வந்து நின்றது. ஒரு ஆண் குரல், கனிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னது:

"உப்பு. எலுமிச்சை. நாற்பது நாள் பொறுமை. இதைத் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. இது எங்கள் பாட்டியின் பெயரால் உங்களுக்கு நாங்கள் தரும் வாக்கு."